ஓடுபாதைப் பணிகளும் மாறியுள்ள விமானப் பாதைகளும்: சுற்றுவட்டாரத்தில் வசிப்போரின் கேள்விகளுக்கு விமான நிலைய மேலாளரின் பதில்கள்

விமான நிலையத்தைச் சுற்றி வசிக்கும் அனைவருக்கும் வணக்கம். முதன்மை ஓடுபாதையில் தொடங்கியிருக்கும் பணிகளைப் பற்றியும், அவற்றால் விமானங்கள் வந்து போகும் வழி மாறியிருப்பதைப் பற்றியும் நீங்கள் எழுதியவற்றுள் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை உங்கள் சொற்களிலேயே கீழே தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

ஓடுபாதை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது எதற்கு இந்த வேலை?

வேலிக்கு வெளியிலிருந்து பார்த்தால் கறுப்பாக, சமமாகத்தான் தெரியும். அருகில் குனிந்து பார்த்தால்தான் நிலைமை புரியும். தார் வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து தன் பசையை இழந்துவிட்டது. மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கின்றன. சில இடங்களில் விரலால் நெருடினாலே சிறு கற்கள் பெயர்ந்து வருகின்றன. சாலையில் இப்படி ஒரு கல் பெயர்ந்தால் அது பெரிய விஷயமல்ல. ஓடுபாதையில் பெயர்ந்த கல்லை ஜெட் எஞ்சின் உறிஞ்சிக்கொண்டால் உள்ளே சுழலும் இதழ்கள் சேதமடையும். ஆகவே மேற்பரப்பில் 5 சென்டிமீட்டரைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதே அளவுக்குப் புதிய தார்க்கலவையை இடுகிறோம். இது முதல் கட்டம்.

கிழக்கு முனையில் இருப்பது வேறு வகைப் பழுது. புறப்படும் விமானங்கள் முழு எரிபொருளோடு மெதுவாக ஊர்ந்து வந்து, திரும்பி, அங்கே நிற்கின்றன. ஓடுபாதையை மிக அதிகமாக நசுக்குவது வேகமாக ஓடும் சக்கரமல்ல, நின்று அழுத்தும் சக்கரம்தான். அந்த முனையில் ஏறத்தாழ 300 மீட்டர் நீளத்துக்கு அடித்தளமே தளர்ந்து இறங்கியிருப்பதால், மேலே எத்தனை முறை தார் இட்டாலும் மறுபடி பள்ளம் விழும். அதை முழு ஆழத்துக்குத் தோண்டி எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டும். இது இரண்டாம் கட்டம். இரண்டு கட்டங்களும் உங்களை வெவ்வேறு விதமாகப் பாதிப்பதால் பதில்களையும் அப்படியே பிரித்துச் சொல்கிறேன்.

ராத்திரியில்தான் செய்ய வேண்டுமா? பகலில் செய்தால் எங்கள் தூக்கமாவது மிஞ்சுமே?

பகலில் முதன்மை ஓடுபாதையை மூடினால், 2,200 மீட்டர் மட்டுமே நீளமுள்ள குறுக்கு ஓடுபாதையால் பகல் நேரப் போக்குவரத்தைத் தாங்க முடியாது. அதனால் இரவு 11 மணி முதல் காலை 5.30 வரை என்று ஆறரை மணி நேரத்தை ஒதுக்கியிருக்கிறோம். அந்த ஆறரை மணி நேரமும் தார் போடும் நேரம் என்று எண்ணிவிடக் கூடாது.

ஒரு நல்ல இரவு இப்படிப் போகும். 11 மணிக்குக் கட்டுப்பாட்டுக் கோபுரம் ஓடுபாதையை எங்களிடம் ஒப்படைத்ததும் விளக்குகள் அணைக்கப்பட்டு, வானிலிருந்து தெரியும்படி ஒளிரும் பெருக்கல் குறிகள் இரு முனைகளிலும் வைக்கப்படுகின்றன. அதன் பிறகே சுரண்டும் எந்திரங்கள் உள்ளே வருகின்றன. சுரண்டிய பரப்பைப் பெருக்கி, ஒட்டுவதற்கான தார்க்குழம்பைத் தெளித்து, சுமார் 150 டிகிரி செல்சியஸ் சூட்டில் வரும் கலவையைப் பரப்பி, உருளைகளால் அழுத்துகிறோம். 3.30 மணிக்குக் கடைசி லாரி கவிழ்க்கப்பட்டாக வேண்டும். ஏனென்றால் புதிய தளம் 60 டிகிரிக்குக் கீழே ஆறும்வரை அதன் மேல் விமானத்தை விட்டால் சக்கரத் தடம் அப்படியே பதிந்துவிடும். எஞ்சிய இரண்டு மணி நேரம் ஆறவைக்கவும், துப்புரவு செய்யவும், தற்காலிக வெள்ளைக் கோடு போடவும், ஆட்கள் வரிசையாக நடந்து கல், ஆணி, கம்பி எதுவும் கிடக்கவில்லை என்று உறுதி செய்யவும் செலவாகிறது.

இவ்வளவுக்கும் பலன், முழு அகலமான 45 மீட்டருக்கு 100 மீட்டர் நீளம். அந்தச் சிறிய பரப்புக்கே 540 டன் கலவை, அதாவது 20 டன் லாரிகளில் 27 நடை தேவைப்படுகிறது. உங்கள் தெருவை ஒட்டிய சாலையில் நள்ளிரவில் லாரிகள் தொடர்ந்து போவதாகப் பலர் எழுதியிருந்தீர்கள். அவை இந்த 27 நடைகளும், சுரண்டிய பழைய தாரை வெளியே கொண்டுபோகும் லாரிகளும்தான்.

விடியும்போது வேலை பாதியில் நின்றால் விமானங்கள் எப்படி இறங்கும்?

பாதியில்தான் நிற்கும், ஒவ்வொரு காலையிலும் அப்படித்தான். புதிய தளம் முடிந்து பழைய தளம் தொடங்கும் இடத்தில் மட்ட வேறுபாடு இருந்தால், அதைச் செங்குத்தான படியாக விட்டுவிட முடியாது. தார்க்கலவையாலேயே ஒரு சிறு சரிவு அமைத்து இணைக்கிறோம். 5 சென்டிமீட்டர் வரையிலான தடிப்புக்குச் சரிவு 0.5 முதல் 1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு விதி. கணக்கிட்டால் 5 சென்டிமீட்டர் உயரத்தைக் கடக்க 5 முதல் 10 மீட்டர் நீளம் வரும். விமானத்தில் அமர்ந்திருப்பவர் அதை ஓர் இலேசான அதிர்வாக உணர்வார், அவ்வளவே. மறுநாள் இரவு முதல் வேலையாக அந்தச் சரிவை வெட்டி எடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு தொடர்கிறோம்.

எங்களுக்கு உண்மையான கவலை சரிவைப் பற்றியதல்ல, எந்திரக் கோளாறைப் பற்றியது. சுரண்டிவிட்ட பிறகு பரப்பும் எந்திரம் நின்றுபோனால் காலையில் திறந்த பள்ளம்தான் மிஞ்சும். அதனால் ஒவ்வொரு முக்கிய எந்திரத்துக்கும் மாற்று ஒன்று எஞ்சின் ஓடிக்கொண்டே அருகில் நிற்கிறது. வேலை செய்யாத எந்திரம் ஏன் உறுமிக்கொண்டு நிற்கிறது என்று வேலியோர வீட்டார் ஒருவர் கேட்டிருந்தார், காரணம் இதுதான். கலவை வந்து சேர்வதில் தாமதம் தெரிந்தால் அந்த இரவு புதிதாக ஓர் அடி கூடச் சுரண்டுவதில்லை.

எங்கள் பகுதிக்கு மேலே விமானமே வந்ததில்லை. இப்போது மட்டும் ஏன் தலைக்கு மேலேயே போகிறது?

இது தென்கிழக்கிலும் வடமேற்கிலும் இருப்பவர்கள் கேட்டது. முதல் கட்டத்தில் மிகப் பெரிய மாற்றத்தைச் சந்திப்பவர்களும் நீங்களே.

முதன்மை ஓடுபாதை கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. அதன் முனைகளில் 09 என்றும் 27 என்றும் எழுதியிருப்பது காந்தத் திசையைப் பத்தால் வகுத்துக் கிடைத்த எண்கள்; 90 டிகிரி கிழக்கு, 270 டிகிரி மேற்கு. அதில் வந்து போகும் விமானங்கள் கிழக்கிலும் மேற்கிலும் இருப்பவர்களின் மேலேதான் பறக்கும். இரவில் அது மூடப்படும்போது எஞ்சியிருப்பது 14, 32 என்ற எண்களைக் கொண்ட குறுக்கு ஓடுபாதை மட்டுமே. அது வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்கிறது. பலத்த குறுக்குக் காற்று வீசும் நாள்களுக்காக வைத்திருந்த அந்த ஓடுபாதையை எப்போதாவதுதான் பயன்படுத்தி வந்தோம்; அதனால்தான் உங்கள் பகுதிக்கு விமானமே வராதது போலிருந்தது.

உயரத்தையும் சொல்லிவிடுகிறேன். தரையிறங்கும் விமானம் 3 டிகிரிச் சரிவில் வருகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 52 மீட்டர் இறங்குகிறது. ஓடுபாதை முனையைச் சுமார் 15 மீட்டர் உயரத்தில் கடக்கிறது. ஆகவே முனையிலிருந்து 4 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரு வீட்டுக்கு மேலே அது ஏறத்தாழ 225 மீட்டர் உயரத்தில் இருக்கும். அமைதியான ஒரு தெருவில், நள்ளிரவில், 225 மீட்டர் உயரத்தில் ஒரு ஜெட் விமானம் போவதைப் பழகிக்கொள்ளுங்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அது தூக்கத்தைக் கெடுக்கும். எங்களால் செய்ய முடிந்தது எண்ணிக்கையைக் குறைப்பது. 2,200 மீட்டரில் முழுச் சுமையோடு புறப்பட முடியாத பெரிய விமானங்களை 11 மணிக்கு முன்பாகவோ காலை 5.30க்குப் பின்பாகவோ மாற்றியிருக்கிறோம்.

இரவு 10 மணியிலிருந்து 11 வரை முன்பைவிட அடுத்தடுத்து வருகின்றனவே?

மேலே சொன்ன மாற்றத்தின் மறுபக்கம் அது. நள்ளிரவுக்குப் பின் போக வேண்டிய பெரிய விமானங்கள் முன்னதாகவே கிளம்புவதால் கிழக்கிலும் மேற்கிலும் அந்த ஒரு மணி நேரம் நெரிசலாகிவிட்டது. முதல் கட்டம் முடியும்வரை இது நீடிக்கும்.

ஒரு ராத்திரி ஒரு சத்தமும் இல்லை, மறு ராத்திரி விடாமல் வருகிறது. உங்கள் விருப்பப்படி மாற்றுகிறீர்களா?

காற்றின் விருப்பப்படி. விமானம் எதிர்க்காற்றில் ஏறவும் இறங்கவும் வேண்டும். அப்போதுதான் தரையில் ஓட வேண்டிய தூரம் குறையும். தென்கிழக்கிலிருந்து காற்று வீசினால், விமானங்கள் வடமேற்கிலிருந்து வந்து இறங்கித் தென்கிழக்கு நோக்கிப் புறப்படும். வடமேற்கிலிருந்து வீசினால் எல்லாம் தலைகீழாகும்.

காற்று அசைவற்றிருக்கும்போது எங்களுக்குச் சற்றே தேர்வு உண்டு. ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. ஒலியைக் குறைப்பதற்காக மட்டும் ஒரு திசையைத் தேர்ந்தெடுப்பதானால், பின்காற்று மணிக்கு 5 நாட்டிகல் மைல் வேகத்துக்கு மேல் இருக்கக் கூடாது, குறுக்குக் காற்று 15ஐத் தாண்டக் கூடாது என்பது பன்னாட்டு நடைமுறை. அந்த எல்லைக்குள் காற்று இருக்கும் இரவுகளில் கட்டுப்பாட்டாளர்கள் வடமேற்கையும் தென்கிழக்கையும் முறை வைத்து மாற்றி மாற்றிப் பயன்படுத்த ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் கண்ட அமைதியான இரவு பெரும்பாலும் அப்படி அமைந்ததாகத்தான் இருக்கும். அன்று ஓடுபாதையின் மறுமுனையில் இருப்பவர்கள் விழித்திருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். தரையிறங்கும் விமானம் தாழ்வாக வந்தாலும் அதன் எஞ்சின் குறைந்த விசையில் ஓடுகிறது; கீச்சிடும் ஒலி கேட்டுச் சட்டென்று அடங்கிவிடும். புறப்படும் விமானம் உயரத்தில் போனாலும் அதன் உறுமல் ஆழமாக, நெடுநேரம் நிற்கும். ஒரே வீட்டில் ஒரே வாரத்தில் இரண்டும் கேட்கலாம்.

வழியைக் கொஞ்சம் தள்ளி, வீடு இல்லாத வெற்றிடத்தின் மேலே விடக் கூடாதா?

ஓடுபாதைக்கு அருகில் முடியாது. தொலைவில் முடியும், அதுவும் உடனடியாக அல்ல.

பயணிகள் விமானம் 1,000 அடி உயரத்துக்கு வருவதற்குள் சக்கரங்கள் இறங்கி, வேகம் நிலைத்து, ஓடுபாதைக்கு நேராக வந்துவிட வேண்டும் என்பது விமான நிறுவனங்கள் பரவலாகக் கடைப்பிடிக்கும் ஒழுங்கு. அப்படி நிலைபெறாவிட்டால் விமானி தரையிறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறிவிட வேண்டும். 3 டிகிரிச் சரிவில் 1,000 அடி என்பது முனையிலிருந்து சுமார் ஐந்தரை கிலோமீட்டர். அந்த ஐந்தரை கிலோமீட்டருக்குள் இருக்கும் எந்த வீட்டுக்காகவும் பாதையை வளைக்க இயலாது. எத்தனை மனுக்கள் வந்தாலும் இந்தப் பதில் மாறாது என்பதால் இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

அதற்கு அப்பால் நிலைமை வேறு. விமானங்கள் எங்கே திரும்பி நேர்க்கோட்டில் சேர்கின்றன என்பதை வரைபடத்தில் மாற்றலாம். ஆனால் அப்படி மாற்றியது உலகெங்கும் உள்ள விமானிகளின் வரைபடங்களிலும் விமானக் கணினிகளிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வர வேண்டும். அதற்காக 28 நாள்களுக்கு ஒருமுறை வரும் குறித்த தேதிகள் உண்டு. அந்தத் தேதிக்குப் பல வாரங்கள் முன்னதாகவே விவரங்களை வெளியிட்டுவிட வேண்டும். ஆகவே இன்று எல்லோரும் ஒப்புக்கொண்டாலும் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பிறகே வானில் மாற்றம் தெரியும். தென்கிழக்கில் திரும்புமிடத்தை வெளியே தள்ளுவது பற்றிய ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது. அது நிறைவேறினால் 6 முதல் 10 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர்களுக்குப் பலன் கிடைக்கும், அருகில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

பழைய முறையில் கட்டுப்பாட்டாளர் வாய்மொழியாகத் திசை சொல்லித் திருப்பும்போது விமானங்கள் அகலமாகச் சிதறி வரும். செயற்கைக்கோள் வழிகாட்டலில் ஒரே கோட்டில், ஒன்றன்பின் ஒன்றாக, அதே கூரைகளின் மேலே வரும். மொத்தத்தில் குறைந்த வீடுகளே பாதிக்கப்படுகின்றன என்று வல்லுநர்கள் இதை ஆதரிப்பார்கள். அந்தக் கோட்டின் கீழே வீடு வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு ஆறுதலாக இருக்காது என்பது என் கருத்து. ஆகவே எந்தக் கோட்டையும் இறுதியாக்கும் முன்பு அதை வரைபடமாக வெளியிட்டு உங்கள் கருத்தைக் கேட்போம்.

இரண்டாம் கட்டத்தில் 600 மீட்டரை மூடுகிறீர்கள். வேலை நடப்பதோ அதில் பாதியில்தான். மீதி எதற்குச் சும்மா கிடக்க வேண்டும்?

வேலை நடக்கும் 300 மீட்டரை விட, சும்மா கிடக்கும் 300 மீட்டரே எங்களுக்கு முக்கியம்.

மேற்கிலிருந்து இறங்கும் ஒரு விமானம் நினைத்த இடத்தில் நிற்க முடியாமல் ஓடுபாதையின் முடிவைத் தாண்டிவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டாக வேண்டும். ஓடுபாதை முடிந்த பிறகு 60 மீட்டருக்குத் தடையற்ற பட்டையும், அதற்கப்பால் 240 மீட்டருக்குப் பாதுகாப்புப் பரப்பும் இருக்க வேண்டும் என்பது பன்னாட்டுப் பரிந்துரை. இரண்டையும் கூட்டினால் 300. பள்ளம் தொடங்கும் இடத்திலிருந்து 300 மீட்டர் பின்வாங்கித்தான் ஓடுபாதையின் புதிய முடிவைக் குறிக்க முடியும். அப்படித்தான் 3,000 மீட்டர் ஓடுபாதை எட்டு வாரங்களுக்கு 2,400 மீட்டராகச் சுருங்குகிறது.

முதல் கட்டத்தைப் போல இதை இரவில் மட்டும் செய்ய முடியாததற்குக் காரணம் ஆழம். 5 சென்டிமீட்டர் பள்ளத்தை விடிவதற்குள் மூடலாம். ஏறத்தாழ ஒரு மீட்டர் ஆழத்துக்குத் தோண்டியதை மூட முடியாது. இதில் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு. எஞ்சிய 2,400 மீட்டர் இரவிலும் திறந்திருப்பதால் குறுக்கு ஓடுபாதையின் இரவுப் பயன்பாடு அந்த எட்டு வாரங்களும் நின்றுவிடும்.

கிழக்கே இருக்கிறோம். விமானம் இனி உயரமாக வரும், சத்தம் குறையும் என்று சொல்கிறார்களே, உண்மையா?

முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியை நம்பி இருக்க வேண்டாம்.

இப்போதைய முனையிலிருந்து நேராக 2 கிலோமீட்டர் கிழக்கே உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக விமானம் அதன் மேலே 120 மீட்டர் உயரத்தில் வருகிறது: முனையைக் கடக்கும்போது 15, அதற்கு முந்தைய 2 கிலோமீட்டருக்கு 105. இரண்டாம் கட்டத்தில் முனை 600 மீட்டர் மேற்கே நகர்வதால், அதே வீடு 2.6 கிலோமீட்டர் தொலைவுக்குப் போய்விடுகிறது. உயரம் 151 மீட்டராகும். அதாவது 31 மீட்டர் கூடுதல்.

கேட்பதற்குப் பெரிதாகத் தெரியும் இந்த 31 மீட்டர், ஒலியில் தருவது ஏறத்தாழ 2 டெசிபல் குறைவு மட்டுமே. தொலைவு இரட்டிப்பானால்தான் 6 டெசிபல் குறையும். காதுக்குச் சத்தம் பாதியானது போலத் தோன்ற வேண்டுமானால் 10 டெசிபல் வரை குறைய வேண்டும். 2 டெசிபல் வேறுபாட்டை அடுத்தடுத்துக் கேட்டால் ஒருவேளை பிரித்தறியலாம்; நேற்றைய விமானத்தோடு இன்றைய விமானத்தை ஒப்பிட்டு உணர முடியாது. இதை ஒரு சலுகையாக விளம்பரப்படுத்த எங்களுக்கு விருப்பமில்லை.

நாங்கள் மேற்கே இருக்கிறோம். இரண்டாம் கட்டத்தில் விமானம் கூரையை உரசுவது போலப் போகும் என்கிறார்களே. வீண் பயமா, உண்மையா?

உண்மைதான், அளவு மட்டும் நீங்கள் அஞ்சுவதைவிடக் குறைவு. மேற்கு நோக்கிப் புறப்படும் விமானம் கிழக்கு முனையிலிருந்து ஓட்டத்தைத் தொடங்குவது வழக்கம். இரண்டாம் கட்டத்தில் 600 மீட்டர் தள்ளி, உங்களுக்கு அருகிலிருந்து தொடங்குகிறது. மேலெழும் இடமும் அதே அளவுக்கு உங்கள் பக்கம் நகர்கிறது. 100 மீட்டர் முன்னேறும்போது 10 மீட்டர் ஏறும் ஒரு விமானம் உங்கள் வீட்டுக்கு மேலே வழக்கமாக 420 மீட்டரில் போகிறதென்றால், அப்போது 360 மீட்டரில் போகும். தொலைவால் மட்டும் கூடும் ஒலி ஒன்றரை டெசிபலுக்கும் குறைவு.

ஆயினும் சத்தம் அதைவிடக் கூடும் என்று நீங்கள் அஞ்சுவதையும் நான் மறுக்கவில்லை. நீண்ட ஓடுபாதையில் விமானிகள் எஞ்சினின் முழு விசையைப் பயன்படுத்துவதில்லை. எடைக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் குறைத்து வைத்து, எஞ்சின் தேய்மானத்தை மிச்சப்படுத்துவார்கள். ஓடுபாதை சுருங்கும்போது அந்தச் சலுகை போய்விடுகிறது. முழு விசையோ அதற்கு நெருக்கமான விசையோ கொடுத்தாக வேண்டும். மேற்கில் உணரப்படும் வேறுபாட்டுக்கு உயரத்தைவிட இதுவே முதன்மைக் காரணமாக இருக்கும். வெப்பமான பிற்பகல்களில் அடர்த்தி குறைந்த காற்றில் ஏற்றமும் மந்தமாவதால் அப்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும். இறங்கும்போதும் அப்படியே, குறைந்த தூரத்தில் நிற்க எஞ்சின் விசையை எதிர்ப்புறம் திருப்பி வேகம் குறைக்கும் அந்த உறுமல், வழக்கத்தைவிடச் சில நொடிகள் கூடுதலாகக் கேட்கும்.

பைலட் பழைய நினைப்பில் மூடிய பகுதியிலேயே இறங்கிவிட்டால்?

அந்தத் தவறுக்கு இடமில்லாதபடி ஒன்றுக்குமேல் தடுப்புகள் இருக்கின்றன. புறப்படும் முன்பே விமானிக்கு எழுத்து வழி அறிவிப்பு போகிறது, நெருங்கும்போது விமான நிலையத்தின் தானியங்கிக் குரல் தகவல் அதையே சொல்கிறது, கட்டுப்பாட்டாளரும் சொல்கிறார். மூடிய பகுதியின் விளக்குகள் அணைக்கப்பட்டு, அதன் மேல் பெரிய பெருக்கல் குறிகள் இடப்பட்டிருக்கும்.

நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது வேறொன்று. இறங்கும் சரிவைக் காட்டும் ரேடியோ அலைபரப்பி, பழைய முனையிலிருந்து சுமார் 300 மீட்டர் உள்ளே, ஓடுபாதையின் ஓரமாக நிற்கிறது. அது இயங்கிக்கொண்டிருந்தால் விமானத்தை நேராகப் பள்ளத்துக்கு அருகே கொண்டுவந்து விட்டுவிடும். எனவே அந்த எட்டு வாரங்களும் அது அணைக்கப்பட்டிருக்கும். அதற்குப் பதிலாக, புதிய முனைக்கு வகுத்த செயற்கைக்கோள் வழிமுறையும், ஓடுபாதை ஓரத்தில் இடம் மாற்றிவைத்த நான்கு விளக்குகளும் வழிகாட்டும். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்பும் தெரிந்தால் சரிவு சரியானது; வெள்ளை கூடினால் உயரம் அதிகம், சிவப்பு கூடினால் தாழ்வு.

இதற்கு ஒரு விலை உண்டு. பனி மூட்டத்திலும் தாழ்ந்த மேகத்திலும் இந்த வழிமுறையால் பழையதைப் போல வெகு தாழ்வுவரை வர முடியாது. ஓடுபாதை தெரியாவிட்டால் விமானி முழு விசையோடு மேலே ஏறிச் சுற்றி வருவார். அதிகாலையில் திடீரென்று ஒரு பெரும் உறுமல் கேட்டு, அதே விமானம் கால் மணி நேரத்தில் மறுபடி வந்தால், அது ஆபத்தின் அடையாளமல்ல, விதிப்படி நடந்திருக்கிறது.

லாரி பின்னால் வரும்போது அடிக்கும் ‘பீப் பீப்’ ஒலியும் ஜன்னலில் விழும் வெளிச்சமும் விமானத்தைவிட மோசம்.

ஒப்புக்கொள்கிறேன், கூர்மையான ஒரே சுருதி வெகுதூரம் போகும். வேலியோரம் வேலை செய்யும் லாரிகளில் அதற்குப் பதிலாக இரைச்சல் போன்ற ‘ஷ்’ ஒலியெழுப்பும் கருவியைப் பொருத்தச் சொல்லியிருக்கிறோம். பக்கத்தில் நிற்கும் தொழிலாளிக்குத் தெளிவாகக் கேட்கும், தொலைவில் அடங்கிவிடும். விளக்குக் கம்பங்களைத் தரை நோக்கித் திருப்புவது விமானிகளின் கண் கூசாதிருப்பதற்காகவும் கட்டாயம். உங்கள் ஜன்னலில் வெளிச்சம் விழுந்தால் ஒரு கம்பம் தவறான கோணத்தில் நிற்கிறது என்று பொருள். அதை உடனே தெரிவியுங்கள், அன்றிரவே சரிசெய்ய முடிகிற சில விஷயங்களுள் அது ஒன்று.

எப்போதுதான் முடியும்? மழை வந்தால் தள்ளிப்போகுமா?

தள்ளிப்போகும். ஈரத் தரையில் புதிய தார் ஒட்டாது. மழை எதிர்பார்க்கப்படும் இரவில் சுரண்டுவதே இல்லை. 3,000 மீட்டருக்கு ஓர் இரவுக்கு 100 மீட்டர் என்றால் 30 நல்ல இரவுகள் போதும் என்று நீங்களே கணக்கிடலாம். ஆனால் மாலை 6 மணிக்குத்தான் அன்றிரவு நல்ல இரவா இல்லையா என்று முடிவாகும். வேலை ரத்தான இரவில் முதன்மை ஓடுபாதையே திறந்திருக்கும். தென்கிழக்குக்கும் வடமேற்குக்கும் அது ஓய்வு.

தார் இட்டு முடிந்த சில வாரங்களுக்குப் பிறகு இன்னொரு சுற்று இரவுப் பணி உண்டு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மழைநீர் வழிந்தோடுவதற்காகத் தளத்தின் குறுக்கே 6 மில்லிமீட்டர் அகலமும் 6 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட வரிகளை, 38 மில்லிமீட்டருக்கு ஒன்றாக, வைர ரம்பத்தால் அறுக்க வேண்டும். தார் நன்றாக இறுகிய பிறகே அதைச் செய்ய முடியும். அவசரப்பட்டால் வரிகளின் ஓரம் மழுங்கி மூடிக்கொள்ளும். அந்த ரம்பத்தின் ஒலி சுரண்டும் எந்திரத்தைவிடக் கீச்சென்றிருக்கும்.

வேலை முடிந்ததும் பழையபடி ஆகுமா, அல்லது பழகிவிட்டார்கள் என்று இந்தப் பாதையை நிரந்தரமாக்கிவிடுவீர்களா?

குறுக்கு ஓடுபாதையின் இரவுப் பயன்பாடு பணிக்காக மட்டும் தரப்பட்ட அனுமதி, பணியோடு முடியும். அதன் பிறகும் பலத்த குறுக்குக் காற்று வீசும்போது, முன்பு போல, அங்கே விமானங்கள் இறங்கும். முதன்மை ஓடுபாதையின் முனையும் பழைய இடத்துக்கே திரும்பும். செயற்கைக்கோள் வழிமுறை மட்டும் வரைபடத்தில் தொடர்ந்து இருக்கும். அதைப் பழைய முனைக்கு ஏற்ப மாற்றி வெளியிடுவோம். இதில் நிரந்தரமாக எஞ்சுவது அது ஒன்றே.

புகார் எழுதினால் யாராவது படிப்பார்களா? என்ன எழுத வேண்டும்?

படிக்கிறோம், ஆனால் ‘நேற்று இரவு முழுக்கச் சத்தம்’ என்று வரும் கடிதத்தை வைத்து எங்களால் எதையும் தேட முடிவதில்லை. மூன்று விவரங்கள் இருந்தால் போதும்: நிமிடம் வரை சரியான நேரம், உங்கள் தெரு, விமானம் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் போனது என்பது. அந்த நேரத்தை ரேடார் பதிவோடு ஒப்பிட்டால் எந்த விமானம், எந்த உயரத்தில், வகுத்த கோட்டிலிருந்து எவ்வளவு விலகிச் சென்றது என்பது தெரியும். விலகியிருந்தால் விமான நிறுவனத்திடம் விளக்கம் கேட்டு, கிடைத்த பதிலை உங்களுக்கு அனுப்புவோம். விலகவில்லையென்றால் அதையும் உயரத்தோடு எழுதி அனுப்புவோம். சத்தம் விமானத்தினுடையதா, களத்திலுள்ள எந்திரத்தினுடையதா என்று தெரியாவிட்டாலும் எழுதுங்கள். நேரம் சரியாக இருந்தால் அதை நாங்களே பிரித்துக் கண்டுபிடித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மேலாளர், விமான நிலையம்